எட்டுக் குளங்களின் சிறுபோகம்: பண்புசார் ஒப்பீட்டுப் பகுப்பாய்வின் பிழைகளை அறிகுறி கொண்டு நீக்குதல்

வன்னியின் சிறு குளங்களைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்குக் கிடைக்கும் குளங்கள் பெரும்பாலும் பத்தைத் தாண்டுவதில்லை. ஒரு கமநல சேவை நிலையத்தின் எல்லைக்குள், ஒரே ஆண்டில், ஒரே வகை உதவி கிடைத்த குளங்களைத் தேடினால் ஆறோ எட்டோதான் தேறும். அந்த எண்ணிக்கையை வைத்துப் புள்ளிவிபரச் சோதனை எதையும் பயனுள்ளதாகச் செய்ய முடியாது. ஆயினும் ஒவ்வொரு குளத்தைப் பற்றியும் நமக்கு நிறையத் தெரியும்: கூட்டக் குறிப்பு இருக்கிறது, நீர்மட்டப் பதிவு இருக்கிறது, கமக்காரர் அமைப்பின் தலைவரும் செயலாளரும் மணிக்கணக்காகப் பேசத் தயாராக இருக்கிறார்கள். இத்தகைய நிலைமைக்கென்றே சமூகவியலாளர் சார்ள்ஸ் ரேகின் 1987 இல் பண்புசார் ஒப்பீட்டுப் பகுப்பாய்வை முன்வைத்தார். ஒரு விளைவு நிகழ எந்த நிபந்தனை இல்லாமல் முடியாது, எந்த நிபந்தனைகள் ஒன்றுசேர்ந்தால் போதும் என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்பதே அதன் அடிப்படை.

முறை எளிது. ஆனால் மென்பொருளில் தரவை இட்டு விடையைப் பெற்ற பிறகு, அந்த விடை ஏதோ ஒரு வகையில் விசித்திரமாக இருப்பதைப் பலர் காண்கிறார்கள். அவ்வாறு தோன்றும் அறிகுறிகளையும், ஒவ்வொன்றின் காரணத்தையும், அதைச் சரிசெய்யும் வழியையும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டில் உள்ள எட்டுக் குளங்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அவை எந்த உண்மையான குளத்தையும் குறிக்கவில்லை.

எடுத்துக்காட்டும் குறியீடும்

வன்னியில் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கிடைக்கிறது. காலபோகம் அந்த மழையில் விளைகிறது. சிறுபோகமோ குளத்தில் தேங்கிய நீரையே நம்பியிருக்கிறது. எனவே நம்முடைய கேள்வி இது: சிறுபோகக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்ட வயல் முழுவதும் அறுவடை வரை சென்ற குளங்களையும் அவ்வாறு செல்லாத குளங்களையும் பிரிப்பது எது? முழுவதும் அறுவடையானால் விளைவு 1, இல்லையேல் 0.

நான்கு நிபந்தனைகளை எடுத்துக்கொள்வோம். போகத் தொடக்கத்தில் குளம் கொள்ளளவில் அரைவாசியேனும் நிறைந்திருந்தால் ‘நீர்’ 1. குளத்துக்கு அண்மையில் உள்ள வயலை மட்டும் விதைத்து, அதில் எல்லா அங்கத்தவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தால் ‘பங்கு’ 1. குளத்து நீரைத் திறந்துவிடும் துருசும் வாய்க்காலும் போகத்துக்கு முன் திருத்தப்பட்டிருந்தால் ‘துருசு’ 1. கூட்டத்தில் குறித்த திகதிக்குள் வேலி அடைக்கப்பட்டு, மாடுகள் வயல்வெளியிலிருந்து அகற்றப்பட்டிருந்தால் ‘காவல்’ 1.

| குளம் | நீர் | பங்கு | துருசு | காவல் | விளைவு |
|---|---|---|---|---|---|
| 1 | 1 | 0 | 1 | 1 | 1 |
| 2 | 1 | 1 | 1 | 1 | 1 |
| 3 | 0 | 1 | 1 | 1 | 1 |
| 4 | 1 | 0 | 1 | 1 | 1 |
| 5 | 1 | 0 | 1 | 0 | 0 |
| 6 | 0 | 0 | 1 | 1 | 0 |
| 7 | 0 | 1 | 1 | 0 | 0 |
| 8 | 0 | 0 | 0 | 0 | 0 |

ஆய்வாளர் முதலில் காவலைப் பற்றி எண்ணவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பாசனம் பற்றிய ஆய்வு என்பதால் நீர், பங்கு, துருசு ஆகிய மூன்றை மட்டுமே அவர் எடுத்தார். அங்கிருந்துதான் முதல் அறிகுறி தோன்றுகிறது.

அறிகுறி: விடை பிழையற்றதாகத் தெரிகிறது, ஆனால் அது ஒரேயொரு குளத்தையே விளக்குகிறது

R மொழியின் `QCA` தொகுப்பில் அவர் இட்ட கட்டளை இவ்வாறு இருக்கும்:

```
library(QCA)
kulam <- data.frame(
  NEER   = c(1,1,0,1,1,0,0,0),
  PANGU  = c(0,1,1,0,0,0,1,0),
  TURUSU = c(1,1,1,1,1,1,1,0),
  KAVAL  = c(1,1,1,1,0,1,0,0),
  VILAI  = c(1,1,1,1,0,0,0,0))
tt <- truthTable(kulam, outcome = "VILAI",
  conditions = "NEER, PANGU, TURUSU",
  incl.cut = 1, show.cases = TRUE)
minimize(tt)
```

கிடைக்கும் விடை: நீரும் பங்கும் துருசும் சேர்ந்தால் போதும். அதன் இசைவு 1. அதாவது இந்தச் சேர்க்கை இருந்த இடமெல்லாம் விளைவும் இருந்தது. ஆனால் தழுவல் 0.25 மட்டுமே: வெற்றி பெற்ற நான்கு குளங்களில் இரண்டாம் குளத்தை மட்டும் இந்த விடை விளக்குகிறது. இசைவு மட்டும் முழுமையாக இருப்பதைக் கண்டு இதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடும் ஆபத்து உண்டு.

காரணத்தை அறிய, விடையை விட்டுவிட்டு, நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரு வரிசையாகத் தரும் உண்மை அட்டவணையைத் திறந்து, வரிசையின் இசைவைக் காட்டும் `incl` என்ற நிரலைப் பாருங்கள். அதில் 1 அல்லது 0 மட்டுமே இருக்க வேண்டும். இங்கே நீர் உண்டு, பங்கு இல்லை, துருசு உண்டு என்ற வரிசையில் 1, 4, 5 ஆகிய மூன்று குளங்கள் அமர்ந்திருக்கின்றன, முதலிரண்டும் வென்றன, ஐந்தாவது தோற்றது, `incl` 0.67 என்று காட்டும். நீர் இல்லை, பங்கு உண்டு, துருசு உண்டு என்ற வரிசையில் மூன்றாம் குளம் வென்றது, ஏழாம் குளம் தோற்றது, அங்கே 0.5. நிபந்தனைகளில் ஒரே மாதிரி இருந்தும் விளைவில் வேறுபடும் இவற்றை முரண்வரிசைகள் என்கிறோம். `incl.cut = 1` என்று கொடுத்தால், மென்பொருள் முரண்வரிசையை எச்சரிக்கை எதுவுமின்றி 0 என்று குறித்துவிடும். அதனால் வென்ற மூன்று குளங்கள் கணக்கிலிருந்து மறைந்தன.

இதைச் சரிசெய்யப் பலர் முதலில் தொடுவது, ஒரு வரிசையை 1 என்று ஏற்கத் தேவையான இசைவின் வெட்டுப்புள்ளியை. `incl.cut` ஐ 0.6 ஆகக் குறைத்தால் முதல் முரண்வரிசை 1 ஆகிவிடும். விடை ‘நீரும் துருசும் போதும்’ என்று மாறும். இசைவும் தழுவலும் 0.75 ஆகும். எண்கள் மரியாதையாகத் தெரிந்தாலும் ஐந்தாம் குளம் இந்த விடைக்கு நேர் எதிரான சான்றாக உள்ளேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான வழக்குகள் இருந்தால், இரண்டொரு விலகலை அளவீட்டுப் பிழையாகக் கருதி விட்டுவிடுவதில் நியாயம் உண்டு. எட்டே குளங்கள் இருக்கும்போது, அதிலும் ஒவ்வொன்றுக்கும் நேரில் சென்று கேட்கக்கூடிய நிலையில் இருக்கும்போது, அந்த நியாயம் இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

சரியான வழி, முரண்படும் குளங்களை இணையாக எடுத்து ஒப்பிடுவதே. முதலாம் குளத்தையும் ஐந்தாம் குளத்தையும் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். மூன்றையும் ஏழையும் அவ்வாறே வையுங்கள். ‘இந்த இரண்டுக்கும் இடையில் வேறு என்ன வேறுபாடு?’ என்ற ஒரே கேள்வியோடு கூட்டக் குறிப்புகளைப் படித்து, கமக்காரரிடம் பேசுங்கள். சிறுபோகத்தில் வயல்வெளியின் பெரும்பகுதி தரிசாகக் கிடக்கும். மாடுகள் அங்கே சுதந்திரமாக மேயும். நடுவில் பச்சையாக நிற்கும் சிறு விதைப்பை நோக்கிக் கட்டாக்காலி மாடுகள் வருவது வன்னியில் எல்லோரும் அறிந்த தொல்லை. ஐந்தாம் குளத்தில் நீர் தாராளமாக இருந்தும் கடைக்கண்ட வயல்கள் மாடுகளால் அழிந்தன. ஏழாம் குளத்தில் பங்கு முறை ஒழுங்காக நடந்தும் வேலி அடைக்கப்படவில்லை. இரண்டு முரண்பாடுகளும் ஒரே காரணத்தைச் சுட்டுகின்றன. அதனால் ‘காவல்’ என்ற நிபந்தனையைச் சேர்ப்பதற்கு ஆதாரம் குளங்களிலிருந்தே கிடைக்கிறது.

இங்கே ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புதிய நிபந்தனையும் அட்டவணையின் வரிசைகளை இரட்டிப்பாக்கும்: மூன்று நிபந்தனைக்கு 8 வரிசை, நான்குக்கு 16, ஐந்துக்கு 32. எட்டுக் குளங்களை 32 வரிசைகளில் பரப்பினால் அநேகமாக ஒவ்வொரு குளமும் தனக்கென ஒரு வரிசையில் அமரும். அப்போது முரண்வரிசை தானாகவே மறைந்துவிடும். நிபந்தனைகள் எவ்வளவு பொருத்தமற்றவையாக இருந்தாலும் மறைந்துவிடும். ‘முரண்பாடு நீங்கியது’ என்பது எதையாவது நிரூபிக்க வேண்டுமானால், நிபந்தனைகளின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். எட்டுக் குளங்களுக்கு மூன்று நிபந்தனைகள் என்பது பாதுகாப்பான அளவு. நான்கைத் தாண்டக் கூடாது. எனவே காவலைச் சேர்க்கும்போது வேறு எதை நீக்கலாம் என்று கேட்க வேண்டும். அதற்கான விடை அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

அறிகுறி: ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகள் ‘முழுமையாக அவசியம்’ என்று வருகின்றன

அவசிய நிபந்தனையைச் சோதிக்கும்போது நாம் வென்ற குளங்களிலிருந்து தொடங்குகிறோம்: வென்ற எல்லாக் குளங்களிலும் இந்த நிபந்தனை இருந்ததா? போதிய நிபந்தனைக்குத் திசை எதிரானது: இந்த நிபந்தனை இருந்த எல்லாக் குளங்களும் வென்றனவா? இந்த இரண்டு திசைகளையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைகளே இம்முறையில் மிக அதிகம். ஆகவே எந்தச் சோதனையைச் செய்யும்போதும் ‘நான் எந்தக் குளங்களிலிருந்து தொடங்குகிறேன்?’ என்று முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நம் அட்டவணையில் வென்ற நான்கு குளங்களிலும் காவல் இருந்தது. துருசுத் திருத்தமும் இருந்தது. எனவே இரண்டுக்கும் அவசிய இசைவு 1. நீருக்கு 0.75, ஏனெனில் மூன்றாம் குளம் போதிய நீரின்றியே வென்றது. இப்போது ‘துருசுத் திருத்தமும் காவலும் அவசியம்’ என்று எழுதலாமா?

```
pof("TURUSU", "VILAI", kulam, relation = "necessity")
pof("KAVAL",  "VILAI", kulam, relation = "necessity")
```

இந்தக் கட்டளைகள் `inclN` என்ற இசைவோடு `covN`, `RoN` என்ற இரண்டு எண்களையும் தரும். துருசுக்கு `covN` 0.57: திருத்தப்பட்ட ஏழில் நான்குதான் வென்றன. காவலுக்கு 0.80: காவல் இருந்த ஐந்தில் நான்கு வென்றன. `RoN` இன்னும் தெளிவாகப் பேசுகிறது. நிபந்தனை இல்லாத குளங்களின் எண்ணிக்கையை, நிபந்தனையும் விளைவும் சேர்ந்திருக்கும் குளங்களைத் தவிர்ந்த மற்றக் குளங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். துருசு இல்லாதது ஒரு குளம், நான்கால் வகுக்க 0.25. காவல் இல்லாதவை மூன்று, நான்கால் வகுக்க 0.75.

துருசின் எண் இவ்வளவு தாழ்வாக வருவதன் பொருள் எளிது: அது கிட்டத்தட்ட எல்லாக் குளங்களிலும் இருந்தது, ஆகவே வென்றவற்றிலும் இருந்தது. ஒரே உதவித் திட்டத்தின் கீழ் திருத்தப்பட்ட குளங்களைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் நேரும். இதனால் துருசு தேவையற்றது என்று ஆகிவிடாது. திருத்தப்படாத துருசோடு சிறுபோகம் செய்வது எவ்வளவு கடினம் என்பது கமக்காரருக்குத் தெரியும். இந்தத் தரவு அதைச் சோதிக்கவில்லை என்பதே உண்மை. ஆகவே துருசை நிபந்தனைப் பட்டியலிலிருந்து எடுத்து, ‘இந்த முடிவுகள் துருசு திருத்தப்பட்ட சிறு குளங்களுக்கு உரியவை’ என்று ஆய்வின் எல்லையாக எழுதுவதே நேர்மையானது. எட்டாம் குளத்தை வைத்திருக்கலாமா என்ற கேள்வி எழும். அங்கே மற்ற மூன்று நிபந்தனைகளும் இல்லாததால் அதன் தோல்விக்குத் துருசைக் காரணமாக்க வேண்டியதில்லை, ஆகவே வைத்திருப்பதில் தீங்கில்லை. அறிக்கையில் ஒரு வரியில் அதைக் குறிப்பிட்டால் போதும்.

இப்போது நீர், பங்கு, காவல் ஆகிய மூன்றையும் கொண்டு அட்டவணையை மீண்டும் அமைத்தால் எட்டு வரிசைகளில் ஏழு நிரம்புகின்றன, முரண்வரிசை எதுவும் இல்லை. விடை இவ்வாறு வருகிறது:

```
NEER*KAVAL + PANGU*KAVAL -> VILAI
```

நீரும் காவலும் சேர்ந்தால் போதும்; பங்கும் காவலும் சேர்ந்தாலும் போதும். இசைவு 1, தழுவல் 1. காவல் அவசியமானது, ஆனால் தனியே போதாது: ஆறாம் குளத்தில் காவல் இருந்தும், நீரும் இல்லாமல் பங்கும் இல்லாமல் பயிர் வாடியது. நீர் தனியே அவசியமும் இல்லை, போதியதும் இல்லை. ஆனால் போதுமான ஒரு சேர்க்கையில் அது இன்றியமையாத பகுதி. பங்கும் அப்படியே. குறைந்த நீரை ஏற்றுக்கொண்டு விதைப்பைச் சுருக்கிய ஊர், நிறைந்த குளம் உள்ள ஊரின் இடத்தை எட்டியிருக்கிறது என்பதே இந்த விடையின் மிகப் பெறுமதியான செய்தி.

அறிகுறி: ஒரு நிபந்தனை நம்ப முடியாத அளவுக்கு நன்றாகப் பொருந்துகிறது

காவல் இரண்டு முரண்பாடுகளையும் ஒரே அடியில் தீர்த்துவிட்டது. இங்கேதான் சந்தேகம் வர வேண்டும். ஐந்தாம் குளத்துக்கு ஏன் காவல் 0 என்று எழுதினீர்கள்? ‘மாடு வயலை அழித்ததால்’ என்பது விடையானால், நீங்கள் நிபந்தனையை அளக்கவில்லை. விளைவையே வேறு பெயரில் மீண்டும் எழுதியிருக்கிறீர்கள். பயிர் அழிந்தால் காவல் இல்லை, பயிர் தப்பினால் காவல் உண்டு என்று குறித்தால் காவல் எந்தத் தரவிலும் அவசியமாகவே வரும்.

இதைக் கண்டறிய ஒரு சோதனை போதும். விளைவை அறியாத ஒருவரிடம் குறியீட்டு விதியையும் ஆவணங்களையும் கொடுத்துக் காவலை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அவருக்கு விதியைக் கொடுக்க முடியவில்லை என்றால், விதி இல்லை என்று பொருள். நம் எடுத்துக்காட்டில் விதி விதைப்புக்கு முந்திய நிகழ்வுகளைச் சார்ந்திருக்கிறது. சிறுபோகக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதி, விதைப்புத் திகதி ஆகியவற்றோடு வேலி அடைத்து முடிக்கும் திகதியும் மாடுகளை அகற்றும் திகதியும் தீர்மானிக்கப்பட்டுக் குறிப்பில் ஏறுகின்றன. அந்தத் திகதிக்குள் வேலி முடிந்ததா, பட்டிகள் நகர்த்தப்பட்டனவா என்பதை விதைப்பு நாளில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம். அறுவடை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆறாம் குளத்தின் இருப்பும் இங்கே உதவுகிறது. தோற்ற குளமாக இருந்தும் அதற்குக் காவல் 1 என்று குறிக்கப்பட்டிருப்பது, குறியீடு விளைவைப் பின்தொடரவில்லை என்பதற்கு ஒரு சான்று. இத்தகைய குளம் ஒன்றுகூட இல்லாவிட்டால் ஆவணங்களுக்கு மீண்டும் செல்லுங்கள்.

அறிகுறி: அவசியம் என்று கண்ட நிபந்தனை, சுருக்கிய விடையில் காணாமற் போகிறது

இதுவே ஆய்வாளர்களை மிகவும் தடுமாற வைக்கும் அறிகுறி. காரணம் கள வேலையில் இருப்பதால் மென்பொருளில் தேடினால் அகப்படாது. தோற்ற குளங்களின் கமக்காரர் பேச விரும்பவில்லை, அல்லது குறிப்புப் புத்தகம் கிடைக்கவில்லை என்பதால் ஐந்தாம் ஏழாம் குளங்கள் ஆய்வில் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறு குளங்கள். முதலில் ஒரு மகிழ்ச்சி கிடைக்கும்: நீர், பங்கு, துருசு என்ற பழைய அட்டவணையில்கூட முரண்வரிசை எதுவும் இராது. காவல் என்ற ஒன்று உண்டென்பதையே அறிய வழி இருந்திராது.

துருசுக்குப் பதிலாகக் காவலைச் சேர்த்து, இந்த ஆறு குளங்களுக்கு `tt` ஐ மீண்டும் அமைத்தாலும் நிலைமை இதுதான். வென்ற நான்கிலும் காவல் உண்டு, எனவே அவசியச் சோதனை அதைக் காட்டும். ஆனால் இப்போது மூன்று வரிசைகள் வெறுமையாக இருக்கின்றன: நீர் மட்டும் உள்ள குளம், பங்கு மட்டும் உள்ள குளம், காவலின்றி நீரும் பங்கும் உள்ள குளம். வெற்று வரிசைகளைப் பயன்படுத்தி விடையைச் சுருக்குமாறு `minimize(tt, include = "?")` என்று கேட்டால் விடை இது:

```
NEER + PANGU -> VILAI
```

காவல் முற்றாக மறைந்துவிட்டது. ‘நீர் இருந்தால் போதும், அல்லது பங்கு இருந்தால் போதும்’ என்கிறது விடை. மென்பொருள் பிழை செய்யவில்லை. மிகச் சுருக்கமான விடையைத் தேடி, வெற்றாக இருந்த மூன்று வரிசைகளிலும் ‘அங்கே ஒரு குளம் இருந்திருந்தால் வென்றிருக்கும்’ என்று அது ஊகித்துக்கொண்டது. மூன்றும் காவல் இல்லாத வரிசைகள். காவல் அவசியம் என்று அரை மணி நேரத்துக்கு முன் நீங்களே கண்ட முடிவுக்கு இந்த மூன்று ஊகங்களும் எதிரானவை.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். அவசியச் சோதனையை முதலில் செய்யுங்கள். அவசியம் என்று ஏற்றுக்கொண்ட நிபந்தனை இல்லாத வெற்று வரிசைகளைச் சுருக்கத்துக்குப் பயன்படுத்த விடாதீர்கள். மூன்று நிபந்தனைகள் இருக்கும்போது இதைத் தாளிலேயே செய்யலாம்: எட்டு வரிசைகளை எழுதி, வெறுமையாக உள்ள ஒவ்வொன்றின் அருகிலும் ‘இப்படி ஒரு குளம் இருந்தால் என்ன நடந்திருக்கும், ஏன்?’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஏன் என்று எழுத முடியாத வரிசையை வெறுமையாகவே விடுங்கள். சுருக்கிய விடையை மட்டும் அறிக்கையில் தராமல், வெற்று வரிசைகளைத் தொடாத நீண்ட விடையையும் அதன் பக்கத்தில் தாருங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் உங்கள் ஊகங்கள் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தும் ஏழும் மீண்டும் வந்தால் வெற்று வரிசை ஒன்றுதான் மிஞ்சும். சுருக்கிய விடையும் நீண்ட விடையும் ஒன்றாகிவிடும். தோற்ற இரண்டு குளங்கள், எந்த ஊகத்தாலும் செய்ய முடியாததைச் செய்கின்றன. அதனால் குளங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நல்ல பெயர் எடுத்த குளங்களைச் சேர்ப்பதில் காட்டும் அக்கறையைவிட, எல்லாம் கைகூடி வந்தும் தோற்ற குளங்களைத் தேடுவதில் இரட்டிப்பு அக்கறை காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: ஒரு குறியீட்டை மாற்றினால் ஒரு பாதை முழுவதும் அழிகிறது

போகத் தொடக்கத்தில் மூன்றாம் குளம் 45 வீதமும், ஆறாம் குளம் 30 வீதமும், ஏழாம் குளம் 25 வீதமும் நிறைந்திருந்தன என்று கொள்வோம். எல்லையை 50 இலிருந்து 40 வீதத்துக்கு இறக்கினால் மூன்றாம் குளத்தின் நீர் 1 ஆகும். அப்போது விடை ‘நீரும் காவலும்’ என்று ஒரே பாதையாகிவிடும். பங்கு பற்றிய அந்தப் பெறுமதியான செய்தி போய்விடும். காரணம், பங்கும் காவலும் என்ற பாதையில் இரண்டாம் மூன்றாம் குளங்கள் இருந்தாலும், இரண்டாம் குளத்தை மற்றப் பாதையும் விளக்குகிறது. மூன்றாம் குளம் ஒன்றே அந்தப் பாதைக்குத் தனித்து உரியது.

எட்டுக் குளங்களில் இது தவிர்க்க முடியாதது, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. செய்ய வேண்டியது, எல்லையை எங்கே வைத்தோம் என்பதற்குக் களத்திலிருந்து காரணம் காட்டுவது. 50 என்பது பார்வைக்கு வட்டமான எண் என்பது காரணமாகாது. அந்தக் குளங்களின் வயல் முழுவதையும் விதைத்தால் அறுவடை வரை எவ்வளவு நீர் தேவை என்று கமக்காரரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சொல்லும் அளவு காரணமாகும். 45 வீத நீரோடு முழு வயலையும் விதைத்திருந்தால் பயிர் தப்பியிருக்காது என்று மூன்றாம் குளத்தார் காட்ட முடிந்தால், அவர்கள் பங்கு பிரித்ததும் அதனால்தான் என்றால், குறியீடு 0 என்பது நிலைபெறும். எல்லையை இருபுறமும் நகர்த்திப் பார்த்து, எந்த இடத்தில் விடை மாறுகிறது, எந்தக் குளத்தால் மாறுகிறது என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

அறிகுறி: வெற்றியின் விடையைத் தலைகீழாக்கினால் தோல்வி விளங்கவில்லை

‘நீரும் காவலும் இருந்தால் வெற்றி, எனவே அவை இல்லாததால் தோல்வி’ என்று எழுதப்பட்ட அறிக்கைகள் உண்டு. ஐந்தாம் குளத்தில் நீர் இருந்தது. ஆறாம் குளத்தில் காவல் இருந்தது. ஆகவே அந்த வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தாது. தோல்விக்குத் தனி அட்டவணை, தனிச் சுருக்கம் வேண்டும்:

```
ttx <- truthTable(kulam, outcome = "~VILAI",
  conditions = "NEER, PANGU, KAVAL",
  incl.cut = 1, show.cases = TRUE)
minimize(ttx, include = "?")
```

விடை `~KAVAL + ~NEER*~PANGU`. காவல் இல்லாமை தனியே தோல்விக்குப் போதும். நீரும் இல்லாமல் பங்கும் இல்லாமல் இருப்பதும் போதும். இங்கே மிஞ்சிய ஒரே வெற்று வரிசையை, நீரும் பங்கும் இருந்து காவல் இல்லாத வரிசையை, தோற்றிருக்கும் என்று ஊகித்திருக்கிறோம். நீர் மட்டும் இருந்த ஐந்தாம் குளமும் பங்கு மட்டும் இருந்த ஏழாம் குளமும் காவலின்றித் தோற்றதால், இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டும் மாடு வராமல் இருந்திருக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. எனவே அந்த ஊகத்தை நான் ஏற்பேன். ஏற்காதவருக்கு நீண்ட விடை மூன்று பாதைகளாக இருக்கும்: காவலும் பங்கும் இல்லாமை, காவலும் நீரும் இல்லாமை, நீரும் பங்கும் இல்லாமை.

எட்டாம் குளம் மூன்று பாதைகளிலும் வருகிறது. அதன் தோல்விக்கு எது காரணம் என்று இந்த அட்டவணையால் சொல்ல முடியாது. ஐந்துக்கும் ஏழுக்கும் கமநல சேவை நிலையம் செய்யக்கூடிய உதவி, வேலித் திகதியையும் பட்டிகளை அகற்றுவதையும் கூட்டத் தீர்மானப்படி நடைமுறைப்படுத்துவது. ஆறாம் குளத்துக்கு அந்த உதவியால் பயனில்லை; அங்கே அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் விதைப்பைச் சுருக்கிப் பங்கு பிரிப்பது பற்றியே பேச வேண்டும்.